பயிற்சியின் கடுமையை அளக்க ஒரே ஒரு கேள்வி

பள்ளி மைதானத்தில் ஓடும் பிள்ளைகளிடம் இதயத்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் இல்லையா? பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "இன்றைய பயிற்சி மொத்தத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது?" என்று கேளுங்கள். பதில் 0 முதல் 10 வரை ஓர் எண்ணாக இருக்கட்டும்: 0 ஓய்வு, 3 மிதம், 5 கடினம், 7 மிகக் கடினம், 10 என்றால் இதற்குமேல் முடியாது. முடித்த உடனே கேட்டால், கடைசி ஓட்டத்தின் மூச்சிரைப்புதான் பதிலாக வரும்.

அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கி நோட்டில் எழுதுங்கள். அதுதான் அன்றைய சுமை.

800 மீட்டர் ஓடும் 15 வயது மாணவிக்கு 40 நிமிட மெதுவோட்டம் கொடுக்கிறீர்கள். உங்கள் கணக்கில் அது 3, சுமை 120. அவளோ 7 என்கிறாள், சுமை 280. அதே பாதை, அதே வேகம். இந்த இடைவெளியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விசாரித்தால், தேர்வுக்காக நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தது, காலையில் சாப்பிடாமல் வந்தது என்று ஏதாவது வெளிவரும். மறுநாள் வைத்திருந்த வேக ஓட்டங்களைத் தள்ளிப்போடுங்கள். சில நாட்கள் ஓய்வு கொடுத்தும் எண் இறங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இரத்தசோகைகூடக் காரணமாக இருக்கலாம்.

தயவுசெய்து கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். நண்பன் 4 என்றதும் தானும் 4 என்று சொல்லும் வயது இது. தனியே அழைத்து, எண்கள் எழுதிய அட்டையில் விரல் வைக்கச் சொல்லுங்கள். பெரிய எண்ணைச் சொன்ன பிள்ளையை ஒருமுறை கடிந்துகொண்டால், அடுத்த நாளிலிருந்து உண்மை வராது. ஒருவரின் எண்ணை அவருடைய பழைய எண்ணோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.