கைரேகை பொருந்தவில்லை என்றார்கள், கணக்கில் பணம் கழிந்துவிட்டது: முகவரிடம் பணம் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைரேகை உண்மையிலேயே பொருந்தாமல் போனால் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் கழியாது. கடையில் இருக்கும் வங்கி முகவரிடம் ஆதார் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும்போது கோரிக்கை முகவரின் வங்கியிலிருந்து தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்துக்கும், அங்கிருந்து ஆதார் ஆணையத்துக்கும் போகிறது. ரேகை சரி என்று ஆணையம் உறுதி செய்த பிறகே உங்கள் வங்கி பணத்தைக் கழிக்கிறது. ஆகவே பணம் கழிந்திருக்கிறது என்றால், ஏதோ ஒரு முயற்சியில் ரேகை பொருந்தியிருக்கிறது. வங்கியின் பதில் மட்டும் முகவரின் கருவிக்குத் திரும்பி வரவில்லை, அல்லது முகவர் உண்மையைச் சொல்லவில்லை. பணத்தைக் கேட்டு வாங்குவதற்கு இந்த வேறுபாடுதான் அடிப்படை.

முதல் தவறு, “இன்னொரு தடவை விரலை வையுங்கள்” என்று சொன்னவுடன் யோசிக்காமல் வைப்பது. ரேகை தேய்ந்த முதியவர்களும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். ஒவ்வொரு முயற்சியும் தனிப் பரிவர்த்தனை என்பதால், பதில் வராமல் நின்றுபோன முயற்சிக்குப் பின் மீண்டும் விரல் வைத்தால் இருமுறை கழியக்கூடும். ரேகை பொருந்தவில்லை என்ற செய்தி திரையில் தெளிவாக வந்தால் மறுபடி முயலலாம். நேரம் கடந்தது என்றோ பதில் வரவில்லை என்றோ வந்தால் நிறுத்திவிட்டு, குறுஞ்செய்தியிலோ பாஸ்புக்கிலோ இருப்பைப் பார்க்க வேண்டும். இருப்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்று முகவர் மறுபடி விரல் கேட்டால், திரையில் இருப்பது இருப்பு விசாரணையா, பணம் எடுப்பதா என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, வெறுங்கையோடு வீடு திரும்புவது. தோல்வியடைந்த முயற்சிக்கும் ரசீது கேளுங்கள்; அதில் RRN என்ற 12 இலக்க எண் இருக்கும், பரிவர்த்தனையைத் தேடி எடுக்க உதவும் எண் அதுதான். அச்சு வரவில்லை என்றால் திரையைப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆதாருடன் கைபேசி எண் இணைக்கப்பட்டிருந்தால், myaadhaar.uidai.gov.in தளத்தில் அங்கீகார வரலாற்றைத் திறந்து, அந்த நாளில், அந்த நேரத்தில் உங்கள் ரேகை ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்று பார்க்க முடியும். ஏற்கப்பட்டது என்று அங்கே இருந்தால், “ரேகை பொருந்தவில்லை” என்ற விளக்கம் நிற்காது.

மூன்றாவது தவறு, முகவரிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது. பதில் வராத பரிவர்த்தனையில் முகவரின் கணக்குக்கும் தொகை வந்திருக்காது என்பதால், “எனக்கு வரவில்லை” என்று அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அவரால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. முறையீட்டை உங்கள் கணக்கு இருக்கும் வங்கியில் எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்க வேண்டும். நாள், நேரம், தொகை, கடையின் இடம், RRN, பணம் கையில் தரப்படவில்லை என்ற ஒரு வரி: இவ்வளவு போதும்.

காலக்கெடு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையில் இருக்கிறது. பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தொகை திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும். இவை நாட்காட்டி நாட்கள்; விடுமுறையும் சேரும். ஒருவர் 3-ஆம் தேதி 2,000 ரூபாய் எடுக்க முயன்று இப்படி ஆனது என்று வைத்துக்கொள்வோம். 8-ஆம் தேதி வரை கெடு. பணம் 14-ஆம் தேதிதான் வந்தது என்றால், 9 முதல் 14 வரை 6 நாள் தாமதத்துக்கு 600 ரூபாய் சேர்த்துக் கணக்கில் வர வேண்டும். அசல் வந்த மகிழ்ச்சியில் இந்த 600 ரூபாயை விட்டுவிடுவோர் ஏராளம். அது சலுகை அல்ல, அவர்களுக்குச் சேர வேண்டிய தொகை.

கடினமான கட்டம், “பரிவர்த்தனை வெற்றி” என்று வங்கி பதில் எழுதுவது. அந்தப் பதிவு கணினியில் கோரிக்கை நிறைவேறியதைக் காட்டுமே தவிர, ரொக்கம் உங்கள் கைக்கு வந்ததைக் காட்டாது; ஆனால் இந்நிலையில் தானாகத் திருப்பும் ஏற்பாடு வேலை செய்யாது. முகவரின் வங்கியிடம் தகராறு எழுப்பும்படியும், பணம் பெற்றதற்கான சான்றைக் கேட்கும்படியும் உங்கள் வங்கிக்கு மீண்டும் எழுதுங்கள். முகவரை நியமித்த வங்கி அவருடைய செயலுக்குப் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். ஏமாற்று என்று ஐயம் இருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் தெரிவித்து, ஆதார் கைரேகையைப் பூட்டிவிடுவது நல்லது.

புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலும் அதன் எண்ணும் அங்கே கேட்கப்படும். வங்கியை அணுகாமல் நேரே போனால் மனு ஏற்கப்படாது.