டிரில் வாங்கும் முன் சுவரைக் கேளுங்கள்

காட்பாடியில் புது வீடு கட்டிப் போன என் தங்கை வீட்டுக்காரர் ஒரு நாள் போன் செய்தார். "மச்சான், ஆன்லைன்ல டிரில் வாங்கினேன். 30 நியூட்டன் மீட்டர் டார்க்குனு பெட்டியில போட்டிருக்குது. ஜன்னலுக்கு மேல கர்ட்டன் ராடு மாட்டலாம்னு பார்த்தா, கால் இன்ச்கூட இறங்கமாட்டேங்குது. மெஷின் டூப்ளிகேட்டா?"

மெஷின் டூப்ளிகேட் இல்லை. 12 வோல்ட் பேட்டரி டிரில், நல்ல மெஷின்தான். மாப்பிள்ளை பெட்டியைப் படித்தார், சுவரைப் படிக்கவில்லை. அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் சுவர் எது என்று பாருங்கள்

வாங்கும் முன் பக்கத்து வீட்டு டிரில்லைக் கேட்டு வாங்கி, மறைவான ஓர் இடத்தில் 6 எம்.எம். ஓட்டை ஒன்று போடுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் மட்டும் வேண்டாம், உள்ளே ஒயர் பைப் ஓடும். இப்போது கொட்டும் தூளைக் கவனியுங்கள். முதல் அரை அங்குலம் சாம்பல் நிறம், அது பூச்சு. அதன்பின் சிவப்பாக மாறினால் செங்கல். கடைசிவரை சாம்பலாகவே வந்து, மெஷினும் முனகினால் கான்கிரீட்.

ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது லிண்டல். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். கர்ட்டன் ராடு பிராக்கெட் சரியாக அங்கேதான் வந்து உட்காரும். பல புது வீடுகளில் லிண்டலை வீட்டைச் சுற்றி முழுக்க ஓட்டிவிடுவதால், பிராக்கெட்டைப் பக்கவாட்டில் நகர்த்தியும் பயனில்லை. லிண்டல் பெரும்பாலும் அரை அடி உயரம்தான். அதைத் தாண்டி மேலே போனால் செங்கல் கிடைக்கும். மெஷின் மாற்றாமலே பாதிப் பேருக்கு இதில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நம் வேலூர்ப் பக்கம் மூன்றாவது வகை ஒன்று உண்டு: கருங்கல். அணைக்கட்டு பக்கம் தாத்தா கட்டிய வீடு, கல் வாசப்படி, வேலிக்கு நட்ட கல்தூண் இதெல்லாம் இருந்தால், கீழே சொல்லப்போகும் வீட்டு டிரில் எதுவும் ஆகாது. அதற்கு ஓங்கி இடித்துத் துளைக்கும் ரோட்டரி ஹேமரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வேலையை முடிப்பதே புத்திசாலித்தனம். சாதா டிரில்லை வைத்துக் கருங்கல்லோடு மல்லுக்கட்டி மோட்டாரைப் புகைய விட்டவன் நான்.

டார்க் என்பது ஸ்க்ரூவுக்கு, சுவருக்கு அல்ல

டார்க் என்றால் முறுக்கு விசை. ஏலகிரி மலை ஏறும்போது பைக்கை முதல் கியருக்கு மாற்றுகிறோம் அல்லவா? வேகம் குறைகிறது, இழுவை கூடுகிறது. பேட்டரி டிரில்லிலும் 1, 2 என்று இரண்டு கியர் இருக்கும். 1-ல் வைத்தால் மெதுவாகச் சுற்றி, நீளமான ஸ்க்ரூவையும் தேக்குக் கட்டையில் இறக்கும். 30 நியூட்டன் மீட்டர் என்பது அந்த நேரத்து உச்சபட்சக் கணக்கு. கதவுக்குத் தாழ்ப்பாள், கட்டிலுக்கு போல்ட், அலமாரிக்குக் கீல் என்றால் இது தாராளம்.

கான்கிரீட் வேறு கதை. அதைத் திருகி அறுக்க முடியாது, தட்டித்தான் நொறுக்க வேண்டும். அப்படித் தட்டிக்கொண்டே சுற்றுவதுதான் இம்பாக்ட் டிரில். அதற்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால், ஒரு சுற்றுக்குப் பல தடவை, ஓட்டை போடும் கம்பியான பிட் முன்னும் பின்னும் அதிர்கிறது. ஒவ்வொரு தட்டலும் லேசுதான், எண்ணிக்கை அதிகம். நாம் பின்னாலிருந்து அழுத்தினால்தான் அது வேலை செய்யும். மாப்பிள்ளையின் மெஷினில் இந்தத் தட்டும் வசதியே கிடையாது. பெட்டியில் சுத்தியல் படம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பிட் படம் மட்டும் இருந்தால் அது மரத்துக்கும் இரும்புக்கும் ஆனது.

சக் அளவு

பிட்டைக் கவ்வும் வாய்தான் சக். 10 எம்.எம்., 13 எம்.எம். என்று இரண்டு அளவு பரவலாகக் கிடைக்கும். எவ்வளவு பெரிய ஓட்டை போடலாம் என்பதல்ல இந்த எண்ணின் பொருள். எவ்வளவு தடிமனான தண்டைக் கவ்வும் என்பதுதான். கர்ட்டனுக்கும் ஷெல்ஃபுக்கும் 6, 8 எம்.எம். போதும், 10 எம்.எம். சக்கே அதைப் பிடிக்கும். ஆனாலும் நான் 13 சொல்வேன். தண்ணீர் பைப் போக வழி செய்ய வேண்டுமென்றால் தடித்த பிட் தேவைப்படும், அப்போது சின்ன வாய் உதவாது.

சாவி போட்டு முறுக்கும் சக், கையால் முறுக்கும் சக் என்றும் இரண்டு உண்டு. தட்டும் வேலைக்குச் சாவி சக்தான். சாவியை மூன்று துளைகளிலும் போட்டு இறுக்குங்கள். ஒன்றில் மட்டும் இறுக்கினால் பிட் நழுவும்.

ஒயரா, பேட்டரியா

வீட்டில் டிரில் வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் வெளியே வரும். மீதி நாளெல்லாம் பேட்டரி பரணில் கிடக்கும். நம்மூர் மே மாத வெயிலில், பரணில் கிடக்கும் லித்தியம் பேட்டரி வேகமாக வலு இழக்கும். முழுதாகக் காலியாகி மாதக்கணக்கில் கிடந்தால், திரும்பச் சார்ஜே ஏறாமல் போகலாம். பேட்டரி வாங்கித்தான் ஆவேன் என்றால் பாதிச் சார்ஜில், கீழே குளுமையான அலமாரியில் வையுங்கள். '20 வோல்ட் மேக்ஸ்' என்று எழுதியிருப்பதும் 18 வோல்ட்தான். முழுச் சார்ஜில் அளந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

ஒயர் டிரில்லுக்கு இந்தக் கவலை இல்லை. மின்தடை நாளில் வேலை நிற்கும், நிற்கட்டும்.

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "இன்னா வேலைக்கு சார்?" என்று கடைக்காரர் முதல் கேள்வியே சரியாகக் கேட்டார். நான்கு ஜன்னலுக்கு லிண்டலில் 16 ஓட்டை, சமையலறை டைல்ஸில் 4, இரும்பு கேட்டில் 2 என்று கணக்குச் சொன்னோம். 600 வாட்ஸ், 13 எம்.எம். சாவி சக், ஒயர் வைத்த இம்பாக்ட் டிரில் எடுத்தோம். விசையை அழுத்தும் அளவுக்கு வேகம் கூட வேண்டும், பின்பக்கமும் சுற்ற வேண்டும். இந்த இரண்டையும் கடையிலேயே ஓட்டிப் பார்த்தோம்.

பிட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்

மெஷினோடு இலவசமாக வரும் பிட் செட்டை நான் நம்புவதில்லை. சுவர் பிட்டின் நுனியில் கார்பைடு துண்டு ஒன்று பற்றவைத்திருக்கும். அது தண்டைவிடக் கொஞ்சம் அகலமாகத் துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். பிட்டைக் கடைக் கண்ணாடி மேஜையில் உருட்டுங்கள், நுனி ஆடினால் வளைந்தது, வேண்டாம். இரும்புக்கு எச்.எஸ்.எஸ். பிட் தனி, அதைச் சுவரில் வைத்தால் ஒரே ஓட்டையில் மழுங்கிவிடும்.

கான்கிரீட்டில் பத்து விநாடி அழுத்தி, வெளியே இழுத்துத் தூளைக் கொட்டி, மறுபடி உள்ளே விடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தூள் வருவது நின்று, கிறீச்சென்று சத்தம் கேட்டு, நுனி நீலமானால் பிட் சூடேறிவிட்டது. அந்தப் பற்று இளகி முனை கழன்றுவிடும். திடீரென்று துளிகூட இறங்காமல் இரும்புத் தூள் மின்னினால் உள்ளே கம்பி. முட்டாதீர்கள், இரண்டு அங்குலம் நகர்ந்து வேறு ஓட்டை போடுங்கள். டைல்ஸில் தட்டும் பொத்தானை அணைத்து, டேப் ஒட்டி, மெதுவாகத் துளைத்து, டைல்ஸ் தாண்டிய பிறகே தட்டலுக்கு மாற்றுங்கள்.

மாப்பிள்ளை வீட்டில் 16-ல் ஒன்று கம்பியில் முட்டியது. அந்தப் பிராக்கெட்டை மட்டும் நகர்த்திப் போட்டோம். பழைய பேட்டரி டிரில்லை வீணாக்கவில்லை, பிராக்கெட் ஸ்க்ரூவை எல்லாம் இறுக்கியது அதுதான்.