அம்மாவுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறும் முன்

சிங்கப்பூரிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் தீபாவளிக்குச் சுங்கை சிப்புட் வருகிற பலர், பெற்றோருக்கு ஒரு ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அது பழுதாகும்போது வாங்கியவர் ஊரில் இருப்பதில்லை. கடையில் போய் நிற்க வேண்டியது அம்மாதான். ஆகவே, வாங்கும் அன்றே சிலவற்றைச் சரியாகச் செய்து வைக்க வேண்டும்.

முதலில், ரசீதை அம்மா பெயரில் எழுதச் சொல்லுங்கள். விவகாரம் பயனீட்டாளர் தீர்ப்பாயம் வரை போனால் வழக்கறிஞர் வைக்க முடியாது, உரியவரே நேரில் வந்து பேச வேண்டும். உங்கள் பெயரில் ரசீது இருந்தால் நீங்கள் மெல்பர்னிலிருந்து வர வேண்டிய நிலை வரலாம். ரசீதில் கடையின் பதிவுப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் பதிவில் வேறொரு பெயரும் உள்ள கடைகள் உண்டு. புகார் பதிவுப் பெயரில்தான் போக வேண்டும். மெஷினில் அடித்துத் தரும் ரசீது சில மாதங்களில் மங்கிவிடும், அதனால் அங்கேயே படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.

அடுத்து வாரண்டி கார்டு. வாங்கிய தேதி, சீரியல் எண், கடையின் சாப் மூன்றும் இல்லாமல் கடையை விட்டு வராதீர்கள். ஃபிரிட்ஜில் ‘10 ஆண்டு வாரண்டி’ என்று பெரிதாக ஒட்டியிருப்பார்கள். அது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். மற்ற பாகங்களுக்கும் வேலைக்கூலிக்கும் பொதுவாக ஓராண்டுதான். கேஸ் நிரப்புவதும் ஆள் வந்து போகும் செலவும் யார் தலையில் என்பதைக் கார்டில் படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

கார்டில் இருப்பது மட்டுமே நம் உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டு உபயோகத்துக்கு விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கிறது என்ற உத்தரவாதம் கார்டு இல்லாமலேயே உண்டு. ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்று ரசீதின் அடியில் அச்சிட்டு அந்த உத்தரவாதத்தைக் கடை பறித்துவிட முடியாது. ஆனால், நிறம் பிடிக்கவில்லை, சமையலறையில் நுழையவில்லை என்றால் இந்தச் சட்டம் உதவாது. அங்கே கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. அதனால் இடத்தை அளந்துகொண்டே கடைக்குப் போங்கள்.

ஓர் உதாரணம். 1,650 ரிங்கிட் ஃபிரிட்ஜ். பத்தாம் நாளே குளிரவில்லை. கடைக்காரர், “நாங்க ஒண்ணும் செய்ய முடியாதும்மா, கம்பெனிக்குப் போன் பண்ணுங்க” என்கிறார். கம்பெனி ஆள் இரண்டு முறை வந்து பாகம் மாற்றியும் மறுபடி அதே பழுது. இங்கே கடைக்கும் பொறுப்பு உண்டு. சரிசெய்யச் சொல்லி நியாயமான அவகாசம் கொடுத்தும் நடக்கவில்லை என்றால் பொருளை மறுத்து, பணத்தையோ வேறு ஃபிரிட்ஜையோ கேட்கலாம். வாயால் சொன்னால் போதாது. எந்தத் தேதியில் வாங்கியது, எப்போது பழுதானது, ஆள் வந்த நாட்கள், என்ன கேட்கிறீர்கள், எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்று எழுதி அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பழுதோடு மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டே இருந்தால் மறுக்கும் உரிமை போய்விடும்.

பதில் இல்லையென்றால் எங்கே போவது? உள்நாட்டு வர்த்தக அமைச்சின் இலவச எண் 1-800-886-800. பொய்யான விளம்பரம், விலைக்குறிப்பு போன்றவற்றில் அமைச்சு கடை மீது நடவடிக்கை எடுக்கும். உங்கள் பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிடுவது பயனீட்டாளர் தீர்ப்பாயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அமைச்சில் புகார் கொடுத்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பவர்கள் அதிகம். தீர்ப்பாயத்தில் போராங் 1 நிரப்பி 5 ரிங்கிட் கட்ட வேண்டும். இணையத்திலும் பதியலாம் என்பதால் இதை வெளிநாட்டிலிருந்தே அம்மாவுக்கு நீங்கள் நிரப்பித் தரலாம். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் பதிந்தால் போதும். போராங் கிடைத்த 14 நாளுக்குள் கடைக்காரர் எதிர்வாதத்தைப் பதிய வேண்டும். விசாரணைக்கு அம்மா ரசீது, கார்டு, பழுது பார்த்தவர் எழுதித் தந்த தாள்கள், நீங்கள் அனுப்பிய கடிதம், எல்லாவற்றின் அசலையும் எடுத்துப் போகட்டும்.

தீர்ப்பு அம்மா பக்கம் வந்தும் கடைக்காரர் 14 நாளுக்குள் அதன்படி செய்யவில்லை என்றால், அது குற்றம். தீர்ப்பின் நகலோடு அமைச்சின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள்.