ஆங்கிலத்தில் விடைபெறும் உரை: திக்கலை நிறுத்திய வழி

வேலையை விட்டுப் போகும் நாளில் 2 நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது. ஒத்திகையில் முதல் வரி சரளமாக வந்தது. நன்றி சொல்லும் இடத்தில் ஒவ்வொரு முறையும் நாக்கு நின்றது.

இணையத்தில் கிடைத்த மாதிரி உரையை மனப்பாடம் செய்தேன். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போனது. தமிழில் எழுதி மொழிபெயர்த்தால் வாக்கியங்கள் நீண்டன. மெதுவாகப் பேசியும் அதே இடத்தில்தான் தடங்கல்.

ஒத்திகையை ஃபோனில் பதிவு செய்து கேட்டபோதுதான் காரணம் பிடிபட்டது. 'ஹூ', 'விச்' என்று இன்னொரு வாக்கியத்தை ஒட்டும் இடத்திலேயே மூச்சு தீர்ந்தது. கடினமான சொற்களில் திக்கவே இல்லை!

அதனால் அந்த ஒட்டுகளை எல்லாம் வெட்டினேன். "ஐ வான்ட் டு தேங்க் மை மேனேஜர் ஹூ ஹெல்ப்ட் மீ வென் ஐ வாஸ் நியூ" என்பது மூன்றானது: "ஐ வாஸ் நியூ. மை மேனேஜர் ஹெல்ப்ட் மீ. தேங்க் யூ." நிகழ்ந்த வரிசையிலேயே சொல்வதால் அடுத்த வரி தானாக நினைவுக்கு வருகிறது.

வரிசையும் எளிது: இன்று கடைசி நாள், ஒரு சம்பவம், நன்றி, தொடர்பில் இருப்போம். பெயர் சொல்லி நன்றி இரண்டு மூன்று பேருக்குப் போதும். பட்டியல் நீண்டால் விடுபட்டவர் மனம் சுணங்கும். மற்றவர்களுக்கு "மை ஹோல் டீம்".

மனப்பாடம் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் மட்டுமே. முடிவு வரி தயாராக இல்லையென்றால் "ஸோ... யா..." என்று பேச்சு இழுபடும். சிறு தாளில் குறிப்புச் சொற்களை மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன். அன்று நிற்காமல் பேசி முடித்தேன்; பெரிய நிம்மதி.