டெண்டரின் முதல் இரண்டு பக்கம்: எக்ஸிகியூட்டிவ் சம்மரியைத் திருத்தி எழுதுவது எப்படி?

பெங்களூரில் கட்டுமான நிறுவனங்களின் டெண்டர் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களிடம் பெரும்பாலும் முதலில் வந்து சேரும் வேலை, முந்தைய டெண்டருக்குக் கொடுத்த பிட்டிலிருந்து, அதன் தொடக்கத்தில் வரும் சுருக்கமான சம்மரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது. அதைச் செய்யாதீர்கள். விலை குறைந்தவருக்கே வேலை என்ற ஐட்டம் ரேட் டெண்டரில் இந்தப் பக்கங்களால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தனியார் கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலை போன்ற இடங்களில் தொழில்நுட்பத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. அங்கே மதிப்பீடு செய்பவர் முதலில் படிப்பது இதைத்தான்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு கல்லூரி விடுதி, தரைத்தளமும் 6 மாடியும், மதிப்பீடு 18 கோடி ரூபாய். நம்மிடம் இருக்கும் பழைய சம்மரி இப்படிச் சொல்கிறது (நிஜ பிட் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே தமிழில் தருகிறேன்):

"இதுபோன்ற பல பணிகளில் பரந்த அனுபவம் உள்ளவர்கள் நாங்கள். எல்லாப் பணிகளையும் உரிய நேரத்தில் முடிப்பவர்கள். நவீன முறையில் 10 நாளுக்கு ஒரு ஸ்லாப் போடுவோம்."

படி 1: ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு காகிதம்

சம்மரியை அச்செடுத்து, கூற்று ஒவ்வொன்றையும் அடிக்கோடிடுங்கள். பக்கத்தில், அதை நிரூபிக்கும் காகிதத்தின் பெயரை எழுதுங்கள்: ஒர்க் ஆர்டர், கம்ப்ளீஷன் சர்டிபிகேட், கால நீட்டிப்புக் கடிதம், கியூப் டெஸ்ட் ரிப்போர்ட். காகிதம் இல்லாத கூற்றை அடித்துவிடுங்கள். "பரந்த", "நவீன" போன்ற சொற்கள் இந்தச் சல்லடையில் தாமாகவே போய்விடும்.

படி 2: அனுபவத்தை எண்ணாக்குங்கள், எண்ணைச் சரிபாருங்கள்

மத்தியப் பொதுப்பணித் துறை டெண்டர்களில் வழக்கமாக வரும் ஒரு தகுதி விதியைப் பல தனியார் டெண்டர்களும் எடுத்துக்கொள்கின்றன. மதிப்பீட்டில் 80% அளவுக்கு ஒத்த வேலை ஒன்று, அல்லது 60% அளவுக்கு இரண்டு, அல்லது 40% அளவுக்கு மூன்று முடித்திருக்க வேண்டும். நம் 18 கோடிக்கு 80% என்றால் 14.4 கோடி.

கையில் ஓசூரில் கட்டிய விடுதியின் சர்டிபிகேட் இருக்கிறது, அதில் 16.52 கோடி என்று போட்டிருக்கிறது. உடனே "80% தகுதியைத் தாண்டிவிட்டோம்" என்று எழுதத்தான் கை வரும். பொறுங்கள். அந்தத் தொகையில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கடைசி பில்லைப் பாருங்கள். சேர்ந்திருந்தால் வேலையின் மதிப்பு 14 கோடிதான். வரி இல்லாமல் கணக்கிடச் சொல்லும் டெண்டரில் இந்த ஒரு வேலையை வைத்துத் தகுதி காட்ட முடியாது. டெண்டர் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் பிரீ-பிட் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நல்லவேளையாக ஹொசகோட்டேயில் கட்டிய பணியாளர் குடியிருப்பு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது, வரி இல்லாமல் 11.2 கோடி. இரண்டுமே 10.8 கோடியைத் தாண்டுவதால் 60% வழியில் தகுதி வந்துவிடுகிறது. சம்மரியில் எழுத வேண்டியது இதுதான்:

"ஒத்த வேலைகள் இரண்டு முடித்துள்ளோம்: ஓசூர் மாணவர் விடுதி, 14 கோடி, ஹொசகோட்டே பணியாளர் குடியிருப்பு, 11.2 கோடி (இரண்டும் ஜிஎஸ்டி நீங்கலாக). ஒர்க் ஆர்டர், கம்ப்ளீஷன் சர்டிபிகேட், கடைசி பில்: இணைப்பு 3, 4."

சர்டிபிகேட்டில் உள்ள நிறுவனப் பெயரும் பிட் போடும் நிறுவனப் பெயரும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். தனிநபர் நிறுவனமாக இருந்து பிரைவேட் லிமிடெடாக மாறிய இடங்களில் இது இடிக்கும். கூட்டாகச் செய்த வேலை என்றால் நம் பங்குத் தொகையை மட்டும் போடுங்கள். ஆடிட்டர் தரும் டர்னோவர் சர்டிபிகேட்டில் 18 இலக்க யுடிஐஎன் எண் இருக்கும். படிப்பவரும் அதை இணையத்தில் போட்டுப் பார்க்கலாம் என்பதால், நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள்.

படி 3: தாமதம் இருந்தால் தாமதத்தோடு எழுதுங்கள்

"எல்லாப் பணிகளையும் உரிய நேரத்தில்" என்ற வரியை ஒரே ஒரு சர்டிபிகேட் பொய்யாக்கிவிடும். ஓசூர் வேலையின் ஒப்பந்தக் காலம் 15 மாதம், முடிந்தது பதினாறரை மாதத்தில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தேதிகளும் இணைப்பிலேயே இருக்கின்றன, மறைக்க வழியில்லை. அதனால் இப்படி எழுதுங்கள்:

"15 மாத ஒப்பந்தம். உரிமையாளர் தரப்பு வரைபட மாற்றத்துக்காக 6 வாரம் நீட்டிப்பு தரப்பட்டது. அந்தக் கெடுவுக்குள் முடித்தோம். தாமத அபராதம் பிடிக்கப்படவில்லை. நீட்டிப்புக் கடிதம், இறுதி பில்: இணைப்பு 3."

என்னைப் பொறுத்தவரை பழைய வரியைவிட இதுதான் பலமானது. வரைபடம் மாறும்போது கடிதம் எழுதி நீட்டிப்பு வாங்கி வேலையை நடத்தத் தெரிந்தவர்கள் என்பதை இது காட்டுகிறது.

படி 4: இனி செய்யப்போவதற்கும் சான்று வேண்டும்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. "10 நாளுக்கு ஒரு ஸ்லாப்" என்பது வாக்குறுதி, அதற்குச் சர்டிபிகேட் கிடையாது. ஆனால் விவரம் தெரிந்தவர் அதைக் கணக்குப் போட்டே சோதித்துவிடுவார். கான்கிரீட் வேலைக்கான ஐஎஸ் 456 விதிப்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டில், 6 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பீமின் அடியில் முட்டுகள் பொதுவாக 21 நாள் நிற்க வேண்டும். நம் விடுதியின் உணவுக்கூடத்துக்கு மேலே ஒவ்வொரு தளத்திலும் அப்படிப்பட்ட பீம்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஸ்லாப் 0 ஆம் நாள், இரண்டாவது 10 ஆம் நாள், மூன்றாவது 20 ஆம் நாள். மூன்றாவதைப் போடும்போது முதல் தளத்தின் முட்டுகள் இன்னும் கீழேயேதான் நிற்கின்றன. ஆக, மூன்று தளத்துக்கான முட்டுகள் கையில் இருந்தால்தான் 10 நாள் கணக்கு ஓடும். இரண்டு செட்தான் இருக்கிறது என்றால், 21 ஆம் நாள் கழற்றி, மேலே ஏற்றி, கம்பி கட்டி, மூன்றாவது ஸ்லாப் போட 30 ஆம் நாள் ஆகிவிடும். சராசரி 15 நாளுக்கு ஒரு ஸ்லாப்தான்.

எனவே சைட் இன்ஜினியரிடமும் ஸ்டோரிலும் கேட்டுவிட்டுத்தான் இந்த வரியை எழுத வேண்டும்:

"ஸ்லாப் சுழற்சி 10 நாள். இதற்காக மூன்று தள அளவு முட்டுகள் ஒதுக்கப்படும். இரண்டு செட் எங்கள் ஸ்டோரில் உள்ளது, மூன்றாவது வாடகைக்கு. ஸ்டோர் இருப்புப் பட்டியல், வாடகைக் கொட்டேஷன், முட்டு கழற்றும் அட்டவணை: இணைப்பு 7."

சிமெண்ட் பிபிசி, அதாவது போர்ட்லேண்ட் பொசோலானா வகை என்றால் இந்த நாள் கணக்கு அப்படியே பொருந்தாது. அட்டவணையை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். மூன்றாவது செட்டுக்கு முதலாளி சம்மதிக்கவில்லையா, 15 நாள் என்றே எழுதி மொத்த அட்டவணையையும் அதற்கேற்ப மாற்றுங்கள். சம்மரியில் 10, பார் சார்ட்டில் 15 என்று இருந்தால் இரண்டையுமே நம்பமாட்டார்கள்.

படி 5: சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுங்கள்

அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவரிடம் சம்மரியையும் இணைப்புகளையும் கொடுத்து, "இந்த வரிக்கான காகிதத்தை எடுங்க அண்ணா" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் தேடித் தடுமாறும் இடத்தில் இணைப்பு எண் தவறியிருக்கும், அல்லது வரி காகிதத்தைவிடக் கூடுதலாகச் சொல்லியிருக்கும். பக்க எண்ணைவிட இணைப்பு எண் கொடுப்பது நல்லது. கடைசி நேரத்தில் திருத்த அறிவிப்பு வந்து இரண்டு தாள் கூடினால் பக்க எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். ஆன்லைனில் தனித்தனி பிடிஎஃப்பாக ஏற்றும்போது ஃபைல் பெயரின் தொடக்கத்திலும் அதே எண்ணைப் போடுங்கள்: `Annexure-03`, `Annexure-04` என்று.