செயலிகளின் அனுமதிகளைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைபேசியில் எந்தச் செயலிக்கு மைக், கேமரா, இருப்பிடம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் அனுமதி இருக்கிறது என்று பார்க்க முனைபவர்கள், பெரும்பாலும் செயலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு அவற்றின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தொடங்குகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அறுபது, எழுபது செயலிகள் உள்ள கைபேசியில் பத்துப் பன்னிரண்டைப் பார்ப்பதற்குள் சலிப்புத் தட்டிவிடும். முக்கியமானவை பட்டியலின் அடியில் இருக்கக்கூடும். ஆண்ட்ராய்டு கைபேசியில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் ‘Permission manager’ என்றொரு பக்கம் உண்டு. அது இருக்கும் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், அமைப்புகளின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்வதே சுருக்கமான வழி. அதில் ‘Location’ என்பதைத் தொட்டால், இருப்பிடத்தை அறிய எந்தெந்தச் செயலிக்கு எந்த அளவில் அனுமதி தந்திருக்கிறீர்கள் என்பது ஒரே பக்கத்தில் வந்துவிடும். மைக், கேமரா ஆகியவற்றையும் சேர்த்து மூன்று பக்கங்களைப் பார்த்தால் போதும்.

அந்தப் பக்கத்தில் செயலிகள் சில தலைப்புகளின் கீழ்ப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்நேரமும் அனுமதி பெற்றவை ‘Allowed all the time’ என்பதன் கீழும், பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும் அனுமதி பெற்றவை ‘Allowed only while in use’ என்பதன் கீழும், ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டியவை ‘Ask every time’ என்பதன் கீழும், மறுக்கப்பட்டவை ‘Not allowed’ என்பதன் கீழும் இருக்கும். 2020-இல் வெளியான ஆண்ட்ராய்டு 11 முதல், நாம் நிறுவும் சாதாரணச் செயலிகள் மைக்கையோ கேமராவையோ எந்நேரமும் பயன்படுத்தும் அனுமதியைக் கேட்க முடியாது. அந்தத் தேர்வு இருப்பிடத்துக்கு மட்டுமே உண்டு. ஆகவே முதலில் திறக்க வேண்டியது இருப்பிடப் பக்கம், அதிலும் முதல் தலைப்பு. மைக்கைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் அஞ்சுகிறார்கள். ஆனால் ஒரு மனிதரின் வீடு, அலுவலகம், மருத்துவமனை, அங்கே அவர் இருந்த நேரம் ஆகிய அனைத்தையும் எந்த ஓசையும் இன்றி வெளியே கொண்டுசெல்வது இருப்பிட அனுமதிதான்.

அடுத்த தவறு, ‘பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும்’ என்பதைத் ‘திரையில் திறந்திருக்கும்போது மட்டும்’ என்று புரிந்துகொள்வது. இரண்டும் ஒன்றல்ல. ஒரு செயலி திரையில் இருக்கும்போது தொடங்கிய வேலையை, நாம் வேறு செயலிக்குப் போன பிறகும் அறிவிப்புப் பகுதியில் ஓர் அறிவிப்பைக் காட்டியபடி தொடர்வதற்கு ஆண்ட்ராய்டு இடம் தருகிறது. வரைபடச் செயலி வழி சொல்லிக்கொண்டிருக்கும்போது திரையை அணைத்தாலும் அது நின்றுவிடாததும், வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே வேறொரு செயலியைத் திறந்தாலும் அழைப்பு துண்டிக்கப்படாததும் இதனால்தான். இது வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. ஏமாற்று வேலை அன்று. ஆனால் குரல் பதிவுச் செயலி ஒன்றைத் தொடங்கிவிட்டு முகப்புத் திரைக்கு வந்துவிட்டவர், பதிவு நின்றுவிட்டது என்று எண்ணினால் அது பிழை. ஆண்ட்ராய்டு 12 முதல், மைக் அல்லது கேமரா இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சை நிறக் குறி தோன்றும். அறிவிப்புப் பகுதியைக் கீழே இழுத்து அந்தக் குறியைத் தொட்டால், அதைப் பயன்படுத்தும் செயலியின் பெயர் தெரியும். ஐபோனில் மைக்குக்கு ஆரஞ்சு, கேமராவுக்குப் பச்சை.

பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது இன்னொரு தவறு. அனுமதி இருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு. ஆண்ட்ராய்டு 12-இல் சேர்க்கப்பட்ட ‘Privacy dashboard’ என்ற பக்கம், கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எந்த நேரத்தில் மைக்கையோ கேமராவையோ இருப்பிடத்தையோ பயன்படுத்தியது என்பதை நேர வரிசையில் காட்டும். புதிய பதிப்புகளில் ஏழு நாள்களுக்கான பதிவையும் பார்க்கலாம். ஐபோனில் இதே வேலையைச் செய்யும் ‘App Privacy Report’ தானாக இயங்காது; முதலில் அதை இயக்கிவிட்டுச் சில நாள்கள் காத்திருக்க வேண்டும்.

என் சித்தப்பாவின் ஆண்ட்ராய்டு கைபேசியில் அண்மையில் ‘Privacy dashboard’ பக்கத்தைத் திறந்து பார்த்தோம். இருப்பிடப் பகுதியில், அவர் உறங்கிக்கொண்டிருந்த நள்ளிரவிலும் விடியற்காலையிலும் ஒரு வானிலைச் செயலியின் பெயர் மீண்டும் மீண்டும் வந்திருந்தது. பட்டியலுக்குப் போய்ப் பார்த்தால், அது எந்நேரமும் அனுமதி பெற்றவற்றின் கீழ் இருந்தது. முகப்புத் திரையில் வெப்பநிலையைக் காட்டும் சிறு பெட்டியை அவர் வைத்திருந்தார். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதற்காகச் செயலி அந்த அனுமதியைக் கேட்டிருக்கிறது, அவரும் தந்திருக்கிறார். இதைப் பார்த்ததும் செயலியை நீக்கிவிட வேண்டும் என்பதே அவருடைய முதல் முடிவு. அதற்குத் தேவையே இல்லை. அனுமதியைப் பயன்பாட்டின்போது மட்டும் என்று மாற்றினோம். அதே பக்கத்தின் கீழே இருந்த ‘Use precise location’ என்ற பொத்தானையும் அணைத்தோம். அதை அணைத்தால் செயலிக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று சதுர கிலோமீட்டர் பரப்பைக் குறிக்கும் தோராய இருப்பிடம்தான். தாம்பரத்தில் மழை பெய்யுமா என்று சொல்ல அது போதும். எந்தத் தெருவில் எந்த வீடு என்று சொல்லப் போதாது. முகப்புப் பெட்டிக்கு ஊரின் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அதுவும் முன்போலவே இயங்கியது.

‘Privacy dashboard’ பக்கத்தின் மைக் பகுதியில் விசைப்பலகைச் செயலியின் பெயர் பல முறை இருந்ததைக் கண்டு அவர் திடுக்கிட்டார். அவரோ நாள் முழுவதும் செய்திகளைத் தட்டச்சு செய்யாமல் குரலில் சொல்லியே அனுப்புபவர். பதிவில் இருந்த நேரங்களையும் அவர் அனுப்பிய செய்திகளின் நேரங்களையும் ஒப்பிட்டதும் சந்தேகம் தீர்ந்தது. ஒரு பதிவு ஐயத்துக்குரியதா என்று அறிய இதுவே சரியான முறை: அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாதவற்றின் மீது மட்டும் கை வைத்தால் போதும்.

அப்படியில்லாமல், சினம் வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மறுத்துவிடுபவர்களும் உண்டு. அதன் விளைவு சில நாள்களில் தெரியும். பணம் அனுப்பும் செயலிகளில் பல, இருப்பிடம் இல்லாமல் திறக்கவே மறுக்கும். வீடியோ அழைப்பில் முகம் தெரியாது. குரல் செய்தி பதிவாகாது. ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்துவிட்டால், ஆண்ட்ராய்டு 11 முதல் அந்தச் செயலி மறுபடி கேட்கவும் முடியாது என்பதால், எங்கே போய்ச் சரிசெய்வது என்று தெரியாத பெரியவர்கள் கைபேசி பழுதாகிவிட்டது என்றே நினைத்துக்கொள்வார்கள். பிறகு யாரோ ஒருவர் வந்து எல்லாவற்றையும் மொத்தமாக அனுமதித்துவிட்டுப் போவார். பழைய நிலையைவிட அது மோசம். எப்போதாவது மட்டும் தேவைப்படும் செயலிகளுக்கு ‘Ask every time’ என்ற தேர்வு இருக்கவே இருக்கிறது. உணவு வரவழைக்கும் செயலிக்கும் வாடகை வண்டிச் செயலிக்கும் நான் அதையே பரிந்துரைப்பேன். கூகுள் பிளே சர்வீசஸ் போன்ற, கைபேசியோடு வந்த அடிப்படைச் செயலிகளிடமிருந்து இருப்பிடத்தைப் பறிக்க முயன்றால் கைபேசியே எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையை மதிப்பது நல்லது, ஏனெனில் தொலைந்த கைபேசியைத் தேடும் வசதி உட்படப் பலவும் அதை நம்பியிருக்கின்றன.

கடன் செயலிகளைத் தனியே குறிப்பிட வேண்டும். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலின்படி, கடன் தரும் செயலிகள் தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள், படங்கள், கோப்புகள் போன்றவற்றைத் தொடக் கூடாது. வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்காகக் கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை, அவருடைய வெளிப்படையான ஒப்புதலுடன் ஒரு முறை மட்டும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த ஒரு முறை முடிந்ததும் அனுமதி தானாகத் திரும்பிவிடும் என்று நினைப்பது தவறு. திரையில் தோன்றும் கேள்விக்கு ‘While using the app’ என்று விடையளித்திருந்தால், அனுமதி செயலியிடமே தங்கிவிடும். ‘Only this time’ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே அது அந்த வேளையோடு முடியும். பல மாதங்கள் திறக்கப்படாத செயலியின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானே நீக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மாதாமாதம் தவணை கட்டுவதற்காகத் திறக்கப்படும் செயலிக்கு அது பொருந்தாது. எனவே கடன் கைக்கு வந்த அன்றே மூன்று அனுமதிகளையும் நீங்களே நீக்கிவிடுங்கள். வழிகாட்டுதலுக்கு மாறாகத் தொடர்பு எண்களைக் கேட்கும் கடன் செயலி என்றால், அனுமதியை மறுப்பதோடு நிற்காமல் அந்தக் கடனையே மறுத்துவிடலாம். ஏற்கெனவே அனுப்பப்பட்ட எண்களும் படங்களும் அனுமதியை நீக்குவதால் திரும்பி வருவதில்லை.

செயலிகளை மட்டும் பார்த்துவிட்டு உலாவியை விட்டுவிடுவதும் பரவலான தவறு. குரோம் உலாவிக்கு இருப்பிட அனுமதி தந்திருக்கிறீர்கள் என்றால், எந்தெந்த இணையதளத்துக்கு அதை அது பங்கிட்டுக் கொடுக்கிறது என்பது ‘Permission manager’ பக்கத்தில் தெரியாது. குரோமின் அமைப்புகளில் ‘Site settings’ என்பதைத் திறந்து, இருப்பிடம், கேமரா, மைக் ஆகிய ஒவ்வொன்றின் கீழும் எந்தத் தளங்கள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். எப்போதோ ஒரு நேர்காணலுக்காகக் கேமரா கொடுத்த தளம் இன்னும் அங்கேயே இருக்கக்கூடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான அனுமதி இந்த மூன்று பக்கங்களிலும் இருக்காது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் கைகளைப் பயன்படுத்த இயலாதவர்களுக்கும் உதவுவதற்காக அமைந்த ‘Accessibility’ என்ற வசதியே அது. அதைப் பெற்ற செயலி, திரையில் உள்ளதைப் படிக்கும். உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தும். போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும், ஏபிகே எனப்படும் செயலிக் கோப்புகளை நிறுவியவர்களிடம், தீய செயலிகள் முதலில் கேட்பவற்றில் இதுவும் ஒன்று. கிடைத்துவிட்டால், அனுமதி கேட்கும் திரையில் ‘Allow’ என்பதையும் அவை தாமே அழுத்திக்கொள்ளும். நீங்கள் நீக்கிய மைக் அனுமதி, நீங்கள் எதையும் தொடாமலேயே மறுநாள் திரும்பி வந்திருந்தால், சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ‘Accessibility’ பக்கத்தில், நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலில் அறியாத பெயர் எதுவும் இயக்கத்தில் இருந்தால், முதலில் அதை அணைத்துவிட்டுப் பிறகு செயலியை நீக்குங்கள். நீக்கும் பொத்தான் மங்கலாகி அழுத்த முடியாமல் இருந்தால், அது கைபேசியின் நிர்வாக அதிகாரத்தையும் பெற்றிருக்கிறது என்று பொருள். ‘Device admin apps’ என்று தேடி, அங்கே அதன் அதிகாரத்தைப் பறித்த பின்னரே நீக்க முடியும்.