எல்லோரும் அப்டேட் செய்த பிறகும் குழுவில் புது வசதி வரவில்லையா?

"அட்மின்கள் மட்டும் எழுதலாம்" மாதிரி ஒரு புது வசதியைச் சாட் குழுவில் இயக்கப் போனால், சில உறுப்பினர்கள் ஆப்பை அப்டேட் செய்ய வேண்டும் என்று வந்து நிற்கும். கேட்டால் எல்லோரும் செய்தாயிற்று என்பார்கள். எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம்.

இருவர் மட்டும் பேசும் இணைப்பில் ஒருவர் தன் ஆப்புக்குப் புரியும் வசதிகளின் பட்டியலைக் காட்டுவார், மற்றவர் அதிலிருந்து தேர்ந்தெடுப்பார். குழுவில் பாதிப் பேர் ஆஃப்லைனில் இருப்பதால் அது நடக்காது. அதனால் ஒவ்வொரு சாதனமும் தனக்கு எது புரியும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறது. குழுச் செய்திகளை மறையாக்கம் செய்வதற்காக 2023-இல் ஆர்.எஃப்.சி 9420 என்ற இணையத் தர ஆவணமாக வெளியான எம்.எல்.எஸ் நெறிமுறையில் இதற்குப் பெயர் `capabilities`. கவனியுங்கள், பட்டியல் ஆளுக்கு ஒன்றல்ல, சாதனத்துக்கு ஒன்று. மூன்று பேர், நான்கு சாதனங்கள் உள்ள குழு இது; ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே அதற்குப் புரியும் வசதிகளின் குறியீடுகள்:

```
A phone  : F001 F002
A laptop : F001
B phone  : F001 F002
C phone  : F001 F002
```

புது வசதி `F002` என்றால், அது மூன்றில் இருக்கிறது, A-யின் லேப்டாப்பில் மட்டும் இல்லை. மறந்துபோன ஒரு லேப்டாப் போதும், மொத்தக் குழுவும் காத்திருக்க வேண்டியதுதான்.

லேப்டாப்பை மட்டும் விட்டுவிட்டு இயக்கினால் என்ன? ஈமோஜி எதிர்வினை என்றால் பழைய ஆப் அதைச் சாதாரண வரியாகக் காட்டிச் சமாளிக்கலாம். குழுவின் விதியே மாறும்போது அது நடக்காது. மாற்றத்தைப் படிக்கத் தெரியாத சாதனம் பழைய நிலையிலேயே தங்கிவிடும். அடுத்து வரும் செய்திகளை அதனால் திறக்க முடியாது.

சரிசெய்யும் வரிசை:

1. ஒவ்வொருவரும் அமைப்புகளில் "இணைத்த சாதனங்கள்" பட்டியலைப் பார்க்கட்டும். பயன்படுத்தாததை அங்கேயே நீக்கட்டும். வேலை இத்துடனேயே முடிந்துவிடலாம்.
2. மீதிச் சாதனங்களில் ஆப்பை அப்டேட் செய்து, ஒருமுறை இணையத்தோடு திறக்கட்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். அப்டேட் தானாக இரவில் இறங்கியிருக்கலாம். ஆனால் ஆப் தன் புதுப் பட்டியலைக் குழுவுக்கு அனுப்பும்வரை மற்றவர்களிடம் இருப்பது பழையதே.
3. பிறகு அட்மின் மீண்டும் இயக்கிப் பார்க்கட்டும்.

அப்படியும் ஒருவர் மட்டும் தடையாக இருந்தால், அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு வசதியை இயக்கலாம். அப்போது அதைக் குழுவின் கட்டாய வசதிகளின் பட்டியலான `required_capabilities`-இல் ஆப் சேர்க்கலாம். சேர்த்துவிட்டால், அதற்குப் பின் பழைய ஆப் உள்ளவரைச் சேர்க்கவே முடியாது. எடுத்தவர் அப்டேட் செய்தபின்னும் சேர்க்க மறுக்கிறதா? தன்னைக் குழுக்களில் சேர்ப்பதற்காக அவர் முன்பே சர்வரில் விட்டுவைத்த `KeyPackage` பழைய பட்டியலோடு இருக்கிறது. அவர் ஆப்பைத் திறந்து, அது புதியதைப் பதிவேற்றிய பிறகு சேருங்கள்.